ரெப் வேலையிலிருந்து கீ அக்கவுண்டுக்கு: 2,000 பெட்டி போன ப்ரோமோ லாபமா, நட்டமா?

ஃபீனிக்ஸ்காரன், 4 ஆகஸ்ட் 2025, இரவு 8.10

டர்பனில் ஒரு மசாலா கம்பெனியில் விற்பனை ரெப் வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துக் கடைகள் என் ரூட். இப்போது 24 கிளை உள்ள ஒரு செயினை முழுசாக என்னிடம் கொடுத்து, கீ அக்கவுண்ட் மேனேஜராக்கப் போகிறார்கள். இனி கடை கடையாகப் போக வேண்டாம், தலைமையகத்துப் பையரோடுதான் பேச்சு.

விற்கத் தெரிந்தவனுக்கு மேலே போகிற வழி தானாகத் திறக்கும் என்பது என் எண்ணம். மே மாதம் இதே செயினில் 10% விலைக்குறைப்பு ப்ரோமோ ஒன்றைப் பேசி முடித்துக் கொடுத்தேன். சாதாரணமாக வாரத்துக்கு 200 பெட்டி எடுப்பவர்கள் மூன்று வாரத்தில் 2,000 பெட்டி எடுத்தார்கள். ஆனால் நிதி மேனேஜர் "இந்த அக்கவுண்டில் நமக்கு ஒன்றும் நிற்பதில்லை" என்கிறார். அடுத்தது தீபாவளி ப்ரோமோ. அவருக்கு என்ன கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்?

டோங்காட்வாசி, 4 ஆகஸ்ட், இரவு 9.32

இதில் காட்ட என்ன இருக்கிறது? 10% விலை குறைத்தால் 10%, மிஞ்சினால் 15% கூட விற்றாலே முதல் வந்துவிடும். நீ மூன்று மடங்குக்கு மேல் விற்றிருக்கிறாய். சம்பள உயர்வைக் கேள். நிதிக்காரர்களுக்கு எல்லாமே செலவாகத்தான் தெரியும்.

உம்கேனி அக்கா, 5 ஆகஸ்ட், காலை 6.45

டோங்காட், அந்த 15% கணக்கு தப்பு. விலையில் 10% குறைந்தால் லாபத்திலும் 10% குறையும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். குறைத்த பணம் முழுவதும் லாபத்திலிருந்துதான் போகிறது. மசாலா மாதிரி சரக்கில் லாபம் விலையில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

தம்பி, மூன்று விஷயம் எடுத்து வா. ஒரு பெட்டியின் லிஸ்ட் விலை, வாட் இல்லாமல். அந்தச் செயினுக்கு நாம் கொடுக்கும் கழிவுகள், ஒன்று விடாமல். உற்பத்திச் செலவும் அவர்கள் கிடங்குவரை லாரிச் செலவும். கழிவுகள் ஒரே இடத்தில் இருக்காது. சிலது இன்வாய்ஸிலேயே கழியும், சிலதை அவர்கள் பணம் கட்டும்போது பிடித்துக்கொள்வார்கள், ரிபேட் வருஷக் கடைசியில் கிரெடிட் நோட்டாகப் போகும். ரெப்பின் கண்ணில் படுவது முதல் வகை மட்டும்தான். அதனால்தான் உனக்கு லாபமாகத் தெரிவது அவருக்கு வெறும் கையாகத் தெரிகிறது.

இன்னொன்றும் வேண்டும், அதுதான் முக்கியம். 2,000 பெட்டி அவர்கள் கிடங்குக்குள் போனது. அந்த மூன்று வாரத்தில் கல்லாவில் ஸ்கேன் ஆகி வாடிக்கையாளர் கைக்குப் போனது எத்தனை?

ஃபீனிக்ஸ்காரன், 8 ஆகஸ்ட், இரவு 7.20

நிதிப் பிரிவில் உட்கார்ந்து எடுத்தேன். ஒரு பெட்டி 12 பாக்கெட், லிஸ்ட் விலை 300 ராண்ட். கிடங்குக் கழிவு 5%, ரிபேட் 4%, விளம்பரப் பங்கு 3%, செட்டில்மென்ட் டிஸ்கவுண்ட் 2.5%, சேதாரக் கழிவு 1%. கூட்டினால் 15.5%. எனக்கு இதில் இரண்டுதான் தெரிந்திருந்தது.

உற்பத்திச் செலவு 195, லாரி 8.

கல்லா விற்பனையைப் பையரிடம் கேட்டு வாங்கினேன். மூன்று வாரத்தில் 950 பெட்டி. மீதி கிடங்கில் இருந்திருக்கிறது. ப்ரோமோ முடிந்தபின் ஐந்து வாரம் ஆர்டரே வரவில்லை. சீசன் மந்தம் என்று நினைத்திருந்தேன்.

உம்கேனி அக்கா, 8 ஆகஸ்ட், இரவு 9.55

ஐந்து வாரம் ஆர்டர் நின்றதே, அடையாளம் அதுதான். சீசன் மந்தமானால் ஆர்டர் குறையும், ஒரேயடியாக நிற்காது. மலிவு விலையில் வாங்கிக் கிடங்கில் வைத்து, ப்ரோமோ முடிந்ததும் முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். பையர் ஏமாற்றவில்லை, அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஆர்டருக்கு வரம்பு வைக்காதது நம் பக்கத்துக் குறை.

கணக்கைப் பார்க்கலாம். சாதாரண நாளில் 300 ராண்டில் 15.5% என்பது 46.50. மீதி 253.50. அதில் 203 செலவு போனால் ஒரு பெட்டிக்கு 50.50 நிற்கும்.

ப்ரோமோவில் இன்வாய்ஸ் விலை 270. கழிவு 41.85. மீதி 228.15. செலவு அதே 203. நிற்பது 25.15.

50.50 பாதியாகிவிட்டது. அதாவது 10% குறைப்புக்கு விற்பனை இரண்டு மடங்காக வேண்டும், அப்போதுதான் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறோம். மூன்று வாரத்துக்குச் சாதாரணமாக 600 போகும் என்றால் கல்லாவில் 1,200-க்கு மேல் போயிருக்க வேண்டும். போனது 950.

கிடங்கில் நின்ற 1,050 பெட்டியையும் சேர்த்துப் பார். ப்ரோமோவே இல்லையென்றால் அந்த மூன்று வாரத்தில் 600-ம், பின்னால் வந்த ஐந்து வாரச் சொச்சத்தில் 1,050-ம் முழு விலையில் போயிருக்கும். 1,650 பெட்டி, 83,325 ராண்ட். நடந்தது 2,000 பெட்டி, 50,300 ராண்ட். வித்தியாசம் 33,025, அதுவும் ஒரே ப்ரோமோவில். நிதி மேனேஜர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இசிபிங்கோ கடைத்தெரு, 9 ஆகஸ்ட், மதியம் 1.15

அக்கா, 600 என்ற அடித்தளம் சரியா? வாரத்துக்கு 200 என்பது சராசரி. நம் ஊரில் 25-ஆம் தேதியைச் சுற்றிச் சம்பளம் வருகிறது, மாதத் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை வருகிறது. எந்தக் கடையிலும் மாத நடு வாரமும் மாதக் கடைசி வாரமும் ஒன்றாக இருக்காது. தம்பியின் ப்ரோமோ எந்த வாரங்களில் ஓடியது?

ஃபீனிக்ஸ்காரன், 9 ஆகஸ்ட், மாலை 5.40

மே நடு வாரத்தில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை. இந்த வருஷம் ப்ரோமோ இல்லாத மாதங்களைப் பிரித்துப் பார்த்தேன். நடு வாரங்கள் இரண்டும் 140, 140. மாதக் கடைசி 300. முதல் வாரம் 220.

இசிபிங்கோ கடைத்தெரு, 9 ஆகஸ்ட், மாலை 6.05

அப்போ 140, 300, 220. அடித்தளம் 660. ப்ரோமோ கொண்டுவந்த கூடுதல் விற்பனை 290-தான், 350 இல்லை. சம்பள வாரத்தில் தானாக வருகிற கூட்டத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. நட்டமும் கூடுகிறது: 1,710 பெட்டிக்கு 86,355, அதில் 50,300 போனால் 36,055.

உம்கேனி அக்கா, 9 ஆகஸ்ட், இரவு 8.30

சரி, 660-தான். என் 33,025-ஐ விட்டுவிடுங்கள், இசிபிங்கோவின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் லூயி ரவுண்டு, 10 ஆகஸ்ட், காலை 10.20

மொரீஷியஸில் சின்ன பூத்திக் கடைகளுக்குத்தான் நான் சப்ளை. இங்கே தலைவலி ப்ரோமோ இல்லை, கடன். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு இரண்டு மாதம் இழுப்பார். உங்கள் கேள்வியும் வசூல் பற்றித்தானே? வசூலிக்கத் தெரிந்தவனைத்தான் மேலே ஏற்றுவார்கள்.

உம்கேனி அக்கா, 10 ஆகஸ்ட், மதியம் 12.10

தம்பி கேட்டது வசூல் இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் அவர் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2.5% செட்டில்மென்ட் டிஸ்கவுண்ட் எதற்கு? குறித்த நாளுக்குள் பணம் கட்டுவதற்கு. பெரிய செயின்கள் பல நேரம் தாமதமாகக் கட்டிவிட்டு டிஸ்கவுண்டையும் பிடித்துக்கொள்ளும். நிதிப் பிரிவில் ஒரு வருஷத்துப் பணம் வந்த தேதிகளை வாங்கி, ஒப்பந்தத்தில் உள்ள நாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். பெட்டிக்கு 7.50 ராண்ட் அது. சாதாரண லாபத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒரு பாக்கெட் கூட அதிகம் விற்காமல் திரும்ப வரக்கூடிய பணம்.

டோங்காட்வாசி, 11 ஆகஸ்ட், இரவு 7.48

15% என்று எழுதியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 195 என்ற உற்பத்திச் செலவை அப்படியே வைத்துக் கணக்குப் போடுவதும் சரியில்லை. அதில் ஆலை வாடகையும் மேற்பார்வையாளர் சம்பளமும் மெஷின் தேய்மானமும் பங்கு போட்டு ஏற்றியிருப்பார்கள். ப்ரோமோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை ஆகும் செலவு. மிளகாய், மல்லி, பாக்கெட் உறை, அரைக்கும் கூலி, இவைதான் பெட்டிக்குப் பெட்டி ஏறுவது. தம்பி, அந்த 195-ஐப் பிரித்துக் கேள்.

ஃபீனிக்ஸ்காரன், 13 ஆகஸ்ட், மாலை 6.15

கேட்டேன். 195-இல் 35 ராண்ட் நிலையான செலவின் பங்கு. மீதி 160.

டோங்காட்வாசி, 13 ஆகஸ்ட், இரவு 8.02

பார்த்தீர்களா? லாரியோடு 168. சாதாரண நாளில் பெட்டிக்கு 85.50, ப்ரோமோவில் 60.15. இரண்டு மடங்கு வேண்டாம், 1.42 மடங்கு போதும். 660-க்கு 938. கல்லாவில் போனது 950. அப்போ ப்ரோமோ தேறிவிட்டது.

உம்கேனி அக்கா, 13 ஆகஸ்ட், இரவு 9.40

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். கல்லாவில் போன 950-ஐ மட்டும் பார்த்தால் 57,142 ராண்ட், ப்ரோமோ இல்லாவிட்டால் 56,430. எழுநூறு ராண்டுச் சொச்சம் மிச்சம். தேறியது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் கிடங்கில் ஏற்றிய 1,050 பெட்டி இந்தக் கணக்கிலும் அடிக்கிறது. 1,710 பெட்டிக்கு 1,46,205 வந்திருக்கும், வந்தது 1,20,300. ஏறக்குறைய 26,000 ராண்ட் குறைவு.

எந்தச் செலவை எடுப்பது என்பதற்கு என் வழக்கம் இது. ஆலையில் இடம் காலியாக இருந்து, ஓவர்டைம் இல்லாமல் அந்தக் கூடுதல் 290 பெட்டியை அரைக்க முடிந்தால், ஒரு தடவை ப்ரோமோவுக்கு 160 சரி. வருஷத்தில் ஐந்தாறு தடவை இதே விலைக்கு விற்கத் தொடங்கிவிட்டால் அது ப்ரோமோ இல்லை, அதுதான் நம் விலை. அப்போது வாடகையையும் அந்த விலையே சுமக்க வேண்டும், 195-ஐத்தான் எடுக்க வேண்டும்.

டோங்காட்வாசி, 13 ஆகஸ்ட், இரவு 10.05

அந்தக் கோட்டை எங்கே போடுவது, இரண்டு தடவையிலா ஐந்து தடவையிலா? அதை நிதிக்காரர் தன் வசதிக்குப் போடுவார், விற்பனைக்காரர் தன் வசதிக்குப் போடுவார். நான் 160-ஐயே பிடிப்பேன்.

ஃபீனிக்ஸ்காரன், 17 ஆகஸ்ட், இரவு 8.50

நிதி மேனேஜரிடம் இரண்டு கணக்கையும் காட்டினேன். பேச்சே மாறிவிட்டது. இப்போது அவரே தீபாவளி ப்ரோமோவுக்கு எப்படிப் பேசலாம் என்று கேட்கிறார். பையரிடம் எதைக் கேட்பது?

உம்கேனி அக்கா, 18 ஆகஸ்ட், காலை 7.00

இரண்டு வழி. முதலாவது, இன்வாய்ஸில் விலையைக் குறைக்காதே. முழு விலைக்கே பில் போட்டு, ப்ரோமோ நாட்களில் கல்லாவில் ஸ்கேன் ஆன பெட்டிக்கு மட்டும் 30 ராண்டைப் பின்னால் கிரெடிட்டாகக் கொடு. கிடங்கில் ஏற்றி வைப்பதில் அவர்களுக்கு லாபம் இல்லாமல் போகும். முன்னால் கழிகிற பணத்தைப் பின்னால் வாங்கப் பையருக்கு மனம் வராது. ஸ்கேன் எண்ணும் அவர்களிடமே இருப்பதால், கிளைவாரியாக வாரம் ஒருமுறை தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்.

இரண்டாவது, ஆர்டருக்கு மேல்வரம்பு. போன தடவை கல்லாவில் போனது 950, அதோடு ஒரு வார இருப்புக்கு 200, கொஞ்சம் இடம் விட்டு மொத்தம் 1,200 பெட்டி. அதற்கு மேல் வருவது முழு விலை. இது எளிது, பையரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. கடைசித் தேதியையும் எழுத வேண்டும். ஆர்டர் போட்ட தேதி கணக்கா, சரக்கு கிடங்கில் இறங்கிய தேதி கணக்கா என்று சொல்லாமல் விட்டால், கடைசி நாள் ராத்திரி ஒரு பெரிய ஆர்டர் வரும்.

இசிபிங்கோ கடைத்தெரு, 18 ஆகஸ்ட், மதியம் 12.40

தேதியை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்கணும். இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தின மாதம் முழுக்கப் புரட்டாசி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் நம் குடும்பங்களில் பாதி மீனும் கறியும் தொடாது. அந்த வாரங்களில் மீன் மசாலாவுக்கு ப்ரோமோ போட்டால் கூடுதல் விற்பனை வராது, கிடங்கில்தான் ஏறும். பருப்பு, பீன்ஸ், காய்கறிக்குப் போகிற மசாலாவைப் புரட்டாசியில் போட்டு, மீன் மசாலாவைத் தீபாவளிக்குப் பிறகு வருகிற மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளு.

தலைமையகத்துப் பையரின் திரையில் அக்டோபர் ஒரு எண்ணாகத்தான் தெரியும். ஏன் இறங்கியது, எந்தக் கிளையில் இறங்கியது என்று ரூட்டில் நடந்தவனால்தான் சொல்ல முடியும். 24 கிளையையும் ஒன்றாகப் பேசாதே. உம்ஷ்லாங்கா கிளையும் ஃபீனிக்ஸ் கிளையும் ஒரே அளவு ஷெல்ஃப் இடத்தை மசாலாவுக்குக் கொடுக்கக் கூடாது. கிளைவாரி ஸ்கேன் எண்ணை வைத்துக்கொண்டு, முதல் ஆறு கிளைகளில் இரண்டு தட்டு அதிகம் கேள், கடைசி ஆறில் ஒரு தட்டை நீயே விட்டுக்கொடு. அந்த அலமாரி முழுவதையும் நினைத்துப் பேசுகிறவன் என்று பையருக்குத் தெரிந்தால், அடுத்த முறை அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

இது தலைமையகமே முடிவெடுக்கிற செயினுக்கு. ஸ்பார் மாதிரி கடைக்குக் கடை உரிமையாளர் வேறு என்றால், கிடங்கில் லிஸ்டிங் கிடைத்தது பாதி வேலைதான். ஒவ்வொரு உரிமையாளரும் தனியாக முடிவெடுப்பார். அங்கே ரெப்பைக் குறைத்தால் விற்பனை கீழே போகும். 2023-இல் அவர்களுடைய குவாசுலு-நதால் கிடங்கில் புது எஸ்.ஏ.பி. மென்பொருள் வந்து சரக்கு ஓட்டம் தடுமாறியபோது, கடைக்காரர்கள் வேறு வழியில் வாங்கத் தொடங்கினார்கள். கடைக்காரரை நேரில் அறிந்த ரெப் வைத்திருந்தவனுக்குத்தான் அப்போது வழி இருந்தது.

ஃபீனிக்ஸ்காரன், 20 ஆகஸ்ட், இரவு 9.10

பையர் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துச் செயினில் எங்கள் மசாலாவின் தீபாவளி விலை என்ன, அதற்குக் கீழே அவர்கள் விற்க மாட்டார்கள் என்று உறுதி தர முடியுமா என்று. என்ன சொல்வது?

உம்கேனி அக்கா, 20 ஆகஸ்ட், இரவு 9.35

இரண்டுக்குமே முடியாது என்று சொல். ஒரு கடைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கட்டாயமாக்குவதை 1998-இன் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. கட்டாயமில்லாத பரிந்துரை விலை சொல்லலாம், அது பரிந்துரைதான் என்று கடைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பாக்கெட்டில் விலை போட்டால் பக்கத்திலேயே பரிந்துரை விலை என்றும் இருக்க வேண்டும். ஒரு செயினின் வரப்போகும் விலையை இன்னொரு செயினிடம் சொன்னால், அவர்கள் இருவருக்கும் நடுவில் நீ தூது போனதாகிவிடும். ரூட்டில் கடைக்காரரிடம் "பக்கத்தில் இவ்வளவுக்கு விற்கிறார்கள்" என்று பேசிப் பழகியவர்களுக்கு இது பழக்கத்தில் வாயில் வந்துவிடும். அலமாரியில் எல்லோரும் பார்க்கக்கூடிய இன்றைய விலை வேறு, நாளைய திட்டம் வேறு.

டோங்காட்வாசி, 21 ஆகஸ்ட், மாலை 6.30

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. சம்பளம். ரெப்புக்குப் போன பெட்டிக்குக் கமிஷன். கீ அக்கவுண்டில் நிலையான சம்பளமும் வருஷ போனஸும். நல்ல ரெப்புக்கு முதல் வருஷம் கையில் வருவது குறையும். போனஸ் எதன்மேல் என்று தம்பி கேட்டாரா?

ஃபீனிக்ஸ்காரன், 21 ஆகஸ்ட், இரவு 7.55

கேட்டேன். மொத்த இன்வாய்ஸ் மதிப்பின்மேல் என்கிறார்கள்.

உம்கேனி அக்கா, 21 ஆகஸ்ட், இரவு 9.20

அதை மாற்றச் சொல். இன்வாய்ஸ்மேல் போனஸ் வாங்கினால் வருஷக் கடைசியில் நீயே கிடங்கை நிரப்பச் சொல்வாய், மே மாதக் கதை உன் கையாலேயே திரும்ப நடக்கும். எல்லாக் கழிவும் போய் அந்த அக்கவுண்டில் நிற்கும் பணத்தின்மேல் பாதி, கல்லா விற்பனை வளர்ச்சியின்மேல் பாதி என்று கேள். அந்த 24 கிளைக்குப் போகிற ரெப்களுக்கும் பெட்டிக் கமிஷன் இருந்தால், அவர்கள் ஒரு பக்கம் இழுப்பார்கள், நீ ஒரு பக்கம் இழுப்பாய். ஷெல்ஃபில் சரக்கு இல்லாத நாட்கள் குறைவதன்மேல் அவர்களுக்குக் கொடுக்கலாம்.

மேலே போகிற வழி பற்றி நீ முதலில் எழுதியதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. விற்பனைத் தலைவர் நாற்காலியில் உட்காருபவரிடம் வருகிற கேள்வி, இருக்கிற விளம்பரப் பணத்தை எந்தச் செயினில் போடுவது, எதில் நிறுத்துவது என்பது. பெரிய செயினில் பெட்டிக்கு 50 நின்று, மொத்த வியாபாரியிடம் 70 நின்றால், அடுத்த ஆண்டு ஆட்களை எங்கே அனுப்புவாய்? ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஒரு பக்கக் கணக்கு இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு பக்கத்தை உன் அக்கவுண்டுக்கு மாதாமாதம் எழுது, யாரும் கேட்காவிட்டாலும்.

டோங்காட்வாசி, 22 ஆகஸ்ட், காலை 8.15

கழிவுகளில் பாதியை முடிவு செய்வது மேலே இருப்பவர்கள். ரிபேட்டை எம்.டி. விட்டுக்கொடுத்தால் தம்பியின் போனஸ் ஏன் குறைய வேண்டும்? தன் கையில் இல்லாததற்குப் போனஸை ஒப்புக்கொள்ளாதே.

ஃபீனிக்ஸ்காரன், 4 செப்டம்பர், இரவு 8.40

பையர் 1,200 பெட்டி வரம்புக்கு ஒப்புக்கொண்டார், கிடங்கில் இறங்கிய தேதிதான் கணக்கு. ஸ்கேன் அடிப்படையில் கிரெடிட் முடியாது என்றார். மீன் மசாலா அக்டோபர் கடைசி வாரத்துக்குப் போயிற்று. கிளைவாரி ஸ்கேன் டேட்டாவைத் தருகிறார்கள், ஆனால் மாதச் சந்தா கேட்கிறார்கள். செட்டில்மென்ட் தேதிகளைப் பார்த்ததில் 12 மாதத்தில் 7 மாதம் தாமதம், 7 மாதமும் டிஸ்கவுண்ட் பிடித்திருக்கிறார்கள். அதை இன்னும் பேசவில்லை. போனஸில் நிற்கும் பணத்தின்மேல் பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள், ரிபேட் மாற்றம் சேராது என்று எழுதி வாங்கிவிட்டேன். டேட்டாவுக்குப் பணம் கொடுக்கலாமா?

இசிபிங்கோ கடைத்தெரு, 5 செப்டம்பர், காலை 9.05

கொடு. அது இல்லாமல் மே மாதக் கணக்கே வந்திருக்காது.

டோங்காட்வாசி, 5 செப்டம்பர், காலை 9.50

நம் சரக்கை அவர்கள் விற்றதைச் சொல்ல நாம் ஏன் பணம் தர வேண்டும்? முதல் பத்து கிளைகளில் மெர்ச்சண்டைசரை அனுப்பி வாரம் ஒருமுறை இருப்பை எண்ணச் சொல். போன வார இருப்பு, வந்த சரக்கு, இந்த வார இருப்பு, மூன்றிலேயே விற்பனை வந்துவிடும்.

உம்கேனி அக்கா, 5 செப்டம்பர், மாலை 7.15

எண்ணுவது கிளைக்கு நடக்கும், கிடங்கு இருப்பு அதில் தெரியாது. இந்த வழக்கில் 1,050 பெட்டி இருந்தது கிடங்கில். தாமதமாகக் கட்டிய ஏழு மாதத்துக்கு அவர்கள் பிடித்த டிஸ்கவுண்டை முதலில் பேசு தம்பி. திரும்பத் தர மனமில்லை என்றால், அதற்குப் பதிலாக ஒரு வருஷத்துக்கு டேட்டாவை இலவசமாகக் கேள்.